கைக்குள் அடங்கும் பலகாரப் பட்டியல்

வீட்டில் முறுக்கும் அதிரசமும் பொடி வகைகளும் செய்து விற்பவர்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் கேட்லாக், பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் போகும் ஒரு பி.டி.எஃப் கோப்பு. அது கணினியில் ஸ்லைடு ஸ்லைடாகத் தயாராகிறது. படிக்கப்படுவது கைப்பேசியில். பேருந்தில் நின்றுகொண்டோ, அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்திலோ, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். செய்யும் திரை ஒன்று, படிக்கும் திரை வேறொன்று என்பதுதான் இந்த வேலையில் வரும் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். கேட்லாக் சரியாக அமைந்திருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அளவுகோல் உண்டு: அதைப் பார்த்தவர் வேறு எதையும் கேட்காமல் ஆர்டர் கொடுக்க முடிய வேண்டும். “விலை என்ன?”, “ஒரு பாக்கெட்டில் எத்தனை இருக்கும்?”, “எத்தனை நாள் வைத்திருக்கலாம்?” என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தால், அந்தக் கேட்லாக்கில் எங்கோ குறை இருக்கிறது.

காரைக்குடிப் பக்கத்தில் எட்டுப் பொருள்கள் விற்கும் ஒரு வீட்டுத் தொழிலை எடுத்துக்கொள்ளலாம். கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம், மாவுருண்டை, அதிரசம், இட்லி மிளகாய்ப்பொடி, பருப்புப்பொடி ஆகியவை அந்த எட்டு. கீழே வரும் விலைகளும் எண்ணிக்கைகளும் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை.

பக்கத்தின் அளவு

முதலில் தீர்மானிக்க வேண்டியது பக்கத்தின் அளவு. வண்ணமோ படமோ அதற்குப் பிறகுதான். ஸ்லைடு தயாரிக்கும் மென்பொருள்கள் திறந்தவுடன் காட்டுவது படுக்கைவாட்டுப் பக்கம். கூட்ட அறையில் சுவரில் காட்டுவதற்கான வடிவம் அது. பவர்பாயிண்டின் வழக்கமான ஸ்லைடு 13.33 அங்குல அகலம் கொண்டது. நிமிர்த்திப் பிடித்த கைப்பேசித் திரையின் அகலம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர், அதாவது இரண்டே முக்கால் அங்குலம். அந்த ஸ்லைடு திரைக்குள் அடங்கும்போது ஐந்தில் ஒரு பங்காகக் குறுகிவிடும். 20 புள்ளி அளவில் அடித்த எழுத்து, கையில் வரும்போது 4 புள்ளி எழுத்தாகத்தான் தெரியும். ஏ4 தாளில் செய்தாலும் பெரிய லாபமில்லை. 21 சென்டிமீட்டர் அகலம் மூன்றில் ஒன்றாகக் குறைந்து, 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகிவிடும். மாத்திரை அட்டையின் பின்புறத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்கிற பாடுதான். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாமே என்று கேட்கலாம். ஒரு பக்கத்தை அப்படிப் பார்ப்பார்கள். பன்னிரண்டு பக்கத்தையும் அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

எனவே பக்கத்தை நிமிர்ந்த வடிவில், 1080 பிக்சல் அகலமும் 1920 பிக்சல் உயரமுமாக வைத்துக்கொள்வது நல்லது. கூகுள் ஸ்லைட்ஸில் இதற்கு `File > Page setup > Custom` என்று போய், அளவு வகையில் `Pixels` என்பதைத் தேர்ந்து, இந்த இரண்டு எண்களையும் கொடுக்க வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். எட்டுப் பக்கம் அடுக்கிய பிறகு அளவை மாற்றினால் படமும் எழுத்தும் இடம் மாறிக் கிடக்கும், எல்லாவற்றையும் மறுபடி வரிசைப்படுத்த வேண்டிவரும். இந்த அளவில் செய்த பக்கம் இன்றைய நீண்ட திரைகளில் மேலே கீழே வரும் பட்டைகள் போக, ஏறத்தாழ முழுதாக ஒரே பார்வையில் தெரியும்.

எழுத்தின் அளவும் இதிலிருந்தே கிடைத்துவிடும். அச்சுப் புத்தகத்தில் சிரமமில்லாமல் படிக்கிற எழுத்து சுமார் 10 புள்ளி. அது கைப்பேசியிலும் 10 புள்ளியாகத் தெரிய வேண்டுமானால், இந்த 1080 பிக்சல் பக்கத்தில் 40 புள்ளி கொடுக்க வேண்டும். கணினித் திரையில் அது அளவுக்கு மீறிப் பெரிதாகத் தோன்றும். அதைப் பார்த்துப் பயந்து குறைக்கக் கூடாது. பொருளின் பெயரும் விலையும் 70 புள்ளிக்கு மேல் இருக்கலாம்.

40 புள்ளியில் தமிழ் எழுத்து ஒரு வரிக்கு இருபது சொச்சம்தான் கொள்ளும். மூன்று சொற்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ‘கறிவேப்பிலைப்பொடி’ போன்ற ஒரு சொல்லே பாதி வரியை எடுத்துக்கொள்ளும். அதனால் எழுத்தை இருபுறமும் சமப்படுத்தினால் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். இடது ஓரத்தை மட்டும் சீராக வைத்து, வலது ஓரத்தை அதன் போக்கில் விட்டுவிடுவதே தமிழுக்கு ஏற்றது. தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளியை 1.3 அளவுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மேல் வரியின் ‘கூ’ கீழ் வரியின் ‘கீ’யில் இடிக்கும். ஒரு பக்கத்துக்கு நாற்பது சொற்களுக்கு மேல் போகாமல் இருந்தால் இதெல்லாம் தானே அமையும்.

பெரிய எழுத்தாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வயதானவர்கள் பலர் தங்கள் போனில் எழுத்தளவைக் கூட்டி வைத்திருப்பார்கள். அந்த அமைப்பு வாட்ஸ்அப் செய்திகளைப் பெரிதாக்கும், பி.டி.எஃப் பக்கத்துக்குள் இருக்கும் எழுத்தை அது தொடாது. செய்தவர் என்ன அளவில் வைத்தாரோ அதே அளவில்தான் அவர்கள் படித்தாக வேண்டும்.

ஒரு பக்கம், ஒரு பலகாரம்

ஒரு பக்கத்தில் நான்கு பொருள்களைக் கட்டம் கட்டி அடைப்பது அச்சு நோட்டீஸின் வழக்கம். கைப்பேசியில் ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள் என்று வைப்பதுதான் சரி. தாளுக்குச் செலவில்லை, புரட்டுவதற்கு ஒரு விரல் தள்ளினால் போதும். அதோடு, வாடிக்கையாளர்கள் கேட்லாக் முழுவதையும் வீட்டாருக்கு அனுப்புவதில்லை. வேண்டிய பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, “இதில் அரை கிலோ சொல்லட்டுமா அத்தை?” என்று குடும்பக் குழுவில் போடுகிறார்கள். அந்த ஒற்றைப் படம் எங்கே போனாலும் தனியாக நிற்க வேண்டும். அதனால் தொழிலின் பெயர், வாட்ஸ்அப் எண், விலை எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரம் மூன்றும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்க வேண்டும். அட்டைப் பக்கத்தில் மட்டும் போன் எண்ணைப் போட்டால், ஸ்கிரீன்ஷாட் கிடைத்தவருக்கு யாரைக் கூப்பிடுவது என்றே தெரியாது.

கைமுறுக்கின் பக்கத்தை இப்படி அமைக்கலாம். மேல் பாதி முழுக்கப் படம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ‘கைமுறுக்கு’, பக்கத்தில் K1 என்ற குறியீடு. அடுத்த வரியில் ‘250 கிராம், 10 முதல் 12 முறுக்கு, ₹180’. எண்ணிக்கையைச் சொல்வது முக்கியம். 250 கிராம் முறுக்கு எவ்வளவு இருக்கும் என்று கண்ணால் மதிப்பிடப் பலருக்கும் வராது. வீட்டுக்கு வருபவர்களுக்குத் தட்டில் வைக்க எத்தனை வேண்டும் என்றுதான் அவர்கள் யோசிக்கிறார்கள். கையால் சுற்றுவதால் எடை கொஞ்சம் முன்பின் ஆகும். ஆகவே ஒரே எண்ணாக இல்லாமல் இத்தனை முதல் இத்தனை வரை என்று கொடுப்பதே நேர்மை.

அதன் கீழே சேர்மானம்: பச்சரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், சீரகம், பெருங்காயம், உப்பு, கடலை எண்ணெய். இந்தச் சின்ன வரியில் கவனம் வேண்டிய இடம் பெருங்காயம். கடையில் டப்பாவில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். அரிசியும் உளுந்தும்தானே என்று நம்பி, கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் இந்த முறுக்கை வாங்கிச் சாப்பிட்டுவிடலாம். டப்பாவின் லேபிளைப் படித்து, கோதுமை இருந்தால் ‘பெருங்காயத்தில் கோதுமை உண்டு’ என்று அதே பக்கத்தில் எழுத வேண்டும். பால், கோதுமை, நிலக்கடலை, முந்திரி போன்ற பருப்புகள், சோயா, முட்டை, மீன், இறால் வகைகள் ஆகியவை ஒவ்வாமை தரக்கூடியவை என்று இந்திய உணவு லேபிள் விதிகள் குறிப்பிடுகின்றன. முறுக்கில் வெண்ணெய் இருப்பதால் பாலும் இந்தக் கணக்கில் வரும்.

கடைசி வரி, எத்தனை நாள் இருக்கும், எப்படி வைப்பது என்பது. இந்த எண்ணை வேறு ஒருவருடைய கேட்லாக்கிலிருந்து எடுக்கக் கூடாது. பொரித்த பலகாரம் இரண்டு விதமாகக் கெடும்: காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து நமுத்துப்போகும், அல்லது எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். எது எப்போது வரும் என்பது எண்ணெயையும் பாக்கெட்டையும் பருவத்தையும் பொறுத்தது. அனுப்புகிற அதே பாக்கெட்டில் சிலவற்றைப் போட்டு ஒட்டி, வீட்டில் சாதாரண அலமாரியில் வைத்து, சில நாளுக்கு ஒன்றாகப் பிரித்து முகர்ந்தும் கடித்தும் பார்க்க வேண்டும். மாற்றம் தெரிகிற நாளுக்கு நன்றாக முன்னதாகவே கேட்லாக்கின் தேதி நிற்க வேண்டும். மழைக்காலத்துக்கு இதைத் தனியாகச் சோதிப்பது அவசியம்.

ருசியைப் பற்றி நீளமாக எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை, தேவையும் இல்லை. ‘சர்க்கரை நோய்க்கு நல்லது’, ‘மூட்டுவலி தீர்க்கும்’ என்பது போன்ற வரிகளை அறவே விட்டுவிட வேண்டும். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதைச் சட்டம் தடுக்கிறது. வீட்டுச் சமையலறையிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு வேண்டும். அது தரும் 14 இலக்க எண்ணைக் கேட்லாக்கில் போட்டுவிட்டால், புதிதாக வாங்குகிறவரின் தயக்கம் பாதி குறையும். சைவப் பொருளுக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

படமும் கோப்பின் எடையும்

பலகாரங்கள் பெரும்பாலும் பழுப்பு நிறம். மர மேசைமேல் வைத்து எடுத்தால் முறுக்கும் மேசையும் ஒன்றாகிவிடும். வெள்ளைத் துணியோ கரும்பச்சை வாழையிலையோ பின்னால் இருந்தால் உருவம் எடுப்பாகத் தெரியும். இலையை நன்றாகத் துடைத்துவிட வேண்டும், ஈரமிருந்தால் வெளிச்சம் பட்டுப் பளிச்சிடும். காலை வேளையில் ஜன்னலோரம், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுப்பது போதும். அப்போதுதான் முறுக்கின் முறுக்கல் நிழலோடு தெரியும். ஃப்ளாஷ் அடித்தால் அந்த நிழல் போய் எல்லாம் தட்டையாகிவிடும். அளவு தெரிய ஒன்றைக் கையில் பிடித்தபடி எடுப்பது நல்ல பழக்கம். செயலியில் நிறத்தைக் கூட்டிப் பொன்னிறமாக்குவது பின்னால் தொல்லையாக வரும், பெட்டியைத் திறந்தவர் படத்தோடு ஒப்பிட்டு, “கருக விட்டுட்டீங்களா?” என்று கேட்பார்.

கைப்பேசியில் எடுத்த ஒரு படம் சாதாரணமாகவே 3 முதல் 5 எம்.பி இருக்கும். அப்படியே பன்னிரண்டு பக்கத்திலும் வைத்தால் கோப்பு 50 எம்.பி ஆகிவிடும். வாட்ஸ்அப் அதை அனுப்ப மறுக்காது. மறுப்பது வாங்குகிறவரின் போன்தான். இடம் நிறைந்த போனில் இறங்காது, சிக்னல் குறைவான ஊரில் சுற்றிக்கொண்டே நிற்கும். பக்கத்தின் அகலமே 1080 பிக்சல் என்பதால் படத்தின் அகலமும் அதற்கு மேல் தேவையில்லை. அந்த அளவுக்குக் குறைத்த பிறகு ஸ்லைடில் வைத்தால் ஒவ்வொன்றும் சில நூறு கே.பியில் அடங்கும், மொத்தக் கோப்பும் 5 எம்.பிக்குள் நிற்கும். ஸ்லைடுக்குள் வைத்துவிட்டு ஓரங்களை இழுத்துச் சிறிதாக்கினால் பெரிய படமே உள்ளே மறைந்திருக்கும். வைப்பதற்கு முன்பே குறைக்க வேண்டும்.

முடிந்ததும் பி.டி.எஃப் ஆக இறக்கி, வாட்ஸ்அப்பில் ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்ப வேண்டும். ஸ்லைடு கோப்பையே அனுப்பினால், அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாத போனில் வேறு எழுத்துரு வந்து அமர்ந்து வரிகள் கலையும். பி.டி.எஃபில் எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடும். அனுப்பியதும் அரட்டையில் முதல் பக்கத்தின் மேற்பகுதியும் கோப்பின் பெயரும் தெரியும். ஆகவே தொழிலின் பெயர் அட்டையின் மேல் மூன்றில் ஒரு பகுதிக்குள் வர வேண்டும். கோப்புக்கு ‘final2_new’ என்று பெயர் வைக்காமல், தொழிலின் பெயரையும் மாதத்தையும் வைத்தால் ஆறு மாதம் கழித்துத் தேடுகிறவருக்கும் அகப்படும்.

ஆர்டரும் அனுப்புகூலியும்

ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் ‘ஆர்டர் செய்ய’ என்று ஒரு பட்டை வைத்து, அதில் வாட்ஸ்அப் இணைப்பைச் சேர்க்கலாம். தொட்டவுடன் விற்பவரின் அரட்டை திறந்து, செய்தியும் தட்டச்சாகி நிற்கும். இணைப்பின் வடிவம் இது:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=K1%20250g
```

91க்குப் பின் பத்து இலக்கக் கைப்பேசி எண் வரும். முன்னால் + குறியோ பூச்சியமோ கோடோ இருக்கக் கூடாது. `%20` என்பது ஓர் இடைவெளிக்கு நிற்கிறது. தமிழில் செய்தி எழுதினால் ஒவ்வோர் எழுத்தும் இப்படிச் சதவீதக் குறிகளாக மாறி இணைப்பு நீண்டுவிடும். K1 போன்ற குறியீடு இங்கேதான் கைகொடுக்கிறது. குறியீடு இருந்தால் ‘சீப்புச் சீடை’யா ‘சீடை’யா என்ற குழப்பமும் வராது. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டில் இணைப்பு வேலை செய்யாது, சில போன்களில் பி.டி.எஃபைத் திறக்கும் செயலியும் இணைப்பைக் கண்டுகொள்ளாமல் விடலாம். அதனால் எண்ணைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதியும் வைக்க வேண்டும்.

அனுப்புகூலிக்குத் தனிப் பக்கம் தேவை; நட்டம் வருவது பெரும்பாலும் இங்கேதான். பல கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். ஒரு கிலோ கைமுறுக்கு நொறுங்காமல் போக 30, 20, 15 சென்டிமீட்டர் பெட்டி பிடிக்கும். பெருக்கினால் 9000, வகுத்தால் 1.8. பெட்டியோடு எடை ஒன்றேகால் கிலோ இருந்தாலும் கட்டணம் 1.8 கிலோவுக்கு, கிலோ கணக்கில் வாங்கும் இடத்தில் 2 கிலோவுக்கு. அதே ஒரு கிலோ பருப்புப்பொடி அதில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும். ‘கிலோவுக்கு இவ்வளவு கூரியர்’ என்று ஒரே விலை போட்டவர் முறுக்கில் இழப்பார். ‘சின்னப் பெட்டி: பொடி 1 கிலோ வரை; பெரிய பெட்டி: முறுக்கு, தேன்குழல் 1 கிலோ வரை’ என்று பெட்டிக் கணக்கில் கட்டணம் போடுவது விற்பவருக்கும் நட்டமில்லாதது, வாங்குகிறவருக்கும் புரியக்கூடியது. அட்டை, எட்டுப் பொருள், ஆர்டர் முறை, அனுப்புகூலி, ஒரே பார்வையில் மொத்த விலைப்பட்டியல் என்று பன்னிரண்டு பக்கத்தில் வேலை முடிந்துவிடும்.

விலை மாறும்போது

எண்ணெய் விலை ஏறினால் முறுக்கின் விலையும் ஏறியாக வேண்டும். ஆனால் போன மாதம் அனுப்பிய பி.டி.எஃப் இன்னும் எத்தனையோ போன்களில் கிடக்கும், கைமாறிப் போய்க்கொண்டும் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லோருக்கும் அழிக்கும் வசதிக்கு இரண்டரை நாள்தான் கெடு. அதற்கு மேல் அதைத் திரும்பப் பெற வழியில்லை. இதற்கு அஞ்சிச் சிலர் விலையே போடாமல் ‘விலைக்குத் தொடர்பு கொள்ளவும்’ என்று எழுதுகிறார்கள். அது தப்பான தீர்வு. விலை தெரியாத பொருளைக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் விட்டுவிடுவார்கள். விலையைப் போட்டு, ‘இந்த விலை அக்டோபர் 31 வரை’ என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதுவதே சரியான வழி. கூகுள் டிரைவில் கோப்பை வைத்து, `Manage versions` மூலம் புதிய பதிப்பை ஏற்றினால் பழைய இணைப்பிலேயே புதிய கேட்லாக் திறக்கும். கடைசிப் பக்கத்தில் அந்த இணைப்பையும் கொடுக்கலாம்.

கேட்லாக்கோடு சேர்த்து, எட்டுப் பொருளின் பெயரும் எடையும் விலையும் அடங்கிய ஒரு சாதாரண வாட்ஸ்அப் செய்தியையும் அனுப்புவது நல்லது. எழுத்தளவைக் கூட்டி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அது பெரிதாகத் தெரியும். பார்வையற்றவர்களுக்கு அவர்களின் போன் அதை வாசித்தும் காட்டும்.

எல்லோருக்கும் அனுப்பும் முன், பழைய போன் வைத்திருக்கும் ஒருவருக்கும், கண்ணாடி போட்டுப் படிக்கும் வயதில் உள்ள ஒருவருக்கும் அனுப்பி, “அதிரசம் அரை கிலோவுக்கு ஆர்டர் போட்டுப் பாருங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். அவர்கள் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கும் இடத்தில் எழுத்து போதவில்லை. முன்னும் பின்னும் புரட்டினால் விலையோ போன் எண்ணோ இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அனுப்பிய பிறகு வரும் கேள்விகளையும் குறித்துக்கொண்டு, இரண்டு பேர் கேட்ட கேள்விக்கு அடுத்த மாதக் கேட்லாக்கில் பதில் சேர்க்க வேண்டும். அச்சிட்ட தேதிக்குள் பழைய விலையில் ஆர்டர் வந்தால் அந்த விலைக்கே கொடுத்துவிட வேண்டும். தேதி கடந்து வந்தால், பக்கத்தின் அடியில் உள்ள அந்த ஒரு வரியைக் காட்டிப் புதிய விலையைச் சொல்லலாம்.